பங்கு போக மிஞ்சுவது யாருக்கு? தந்தையும் சகோதரனும் அஸபாவாக வருவது ஏன்?

ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் அத்தா மவ்த்தாகிவிட்டால், சில வாரங்களுக்குள் ஒரு கேள்வி எழும். "எனக்கு ஒரே மகள். அவர் சம்பாதித்த சொத்து. இதில் அவருடைய தம்பிக்கு எதற்குப் பங்கு?" இத்தாவில் இருக்கும் மனைவி இதை ஜமாஅத்தாரிடம் நேரில் கேட்க மாட்டார். அவருடைய சகோதரர் கேட்பார், இல்லையென்றால் மருமகன் கேட்பார். அந்தப் பக்கம் தம்பியோ, "ஷரீஅத்தில் மீதியெல்லாம் எனக்குத்தான்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போவார். எவ்வளவு மீதி, யாருக்குக் கொடுத்த பிறகு மீதி, தன்னோடு வேறு யார் அதில் சேர்கிறார்கள் என்பதெல்லாம் பல நேரங்களில் அவருக்கும் தெரிவதில்லை.

மதுரை நகரத்திலும், மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் பெரியாறு பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை வைத்திருக்கும் குடும்பங்களிலும் பங்குச் சண்டை பெரும்பாலும் இந்த 'மீதி' என்ற ஒரு சொல்லில்தான் சிக்குகிறது. எனவே வாரிசுரிமைச் சட்டம் முழுவதையும் இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அஸபா என்பவர் யார், தந்தையும் சகோதரனும் எப்போது அந்த இடத்துக்கு வருகிறார்கள், அவர்கள் கைக்கு உண்மையில் எவ்வளவு வரும் என்பதை மட்டும் ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

முதலில் உஹதுப் போருக்குப் பிறகு மதீனாவில் நடந்த ஒரு சம்பவம். அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அந்தப் போரில் ஷஹீதானார். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் மக்களும் இருந்தார்கள், ஆண் வாரிசு இல்லை. அன்றைய அரபு வழக்கப்படி அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஸஅதின் மனைவி இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். கையில் ஒன்றும் இல்லாமல் இந்தப் பெண்களை எப்படிக் கட்டிக்கொடுப்பது என்பது அவருடைய கவலை. அதன் பிறகுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் இறங்கியது என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை வரவழைத்து, மகள்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கையும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளும்படி கட்டளையிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு நடந்த வரிசையைக் கவனியுங்கள். சகோதரரிடம் முழுச் சொத்தும் இருந்தது. வசனம் அதில் பெரும்பகுதியை அவரிடமிருந்து எடுத்து, பெண்களுக்கு இத்தனை பங்கு என்று கட்டிப்போட்டது. சொத்தை 24 பங்காக வைத்தால் மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. தம்பிக்கு எதற்குப் பங்கு என்று இன்று நாம் கேட்கிறோம். அன்று கேட்கப்பட்ட கேள்வியோ, மகளுக்கும் மனைவிக்கும் எதற்குப் பங்கு என்பதுதான். அஸபாவுக்கு வருவது மீதிதான். அந்தப் பெண்களின் பங்கு கொடுக்கப்படும் வரை அவர் கை நீட்ட முடியாது.

அஸபா யார்?

குர்ஆன் பங்கின் அளவைக் குறிப்பிட்டுச் சொன்ன உறவினர்கள் ஒரு வகை. கணவன், மனைவி, தாய், தந்தை, மகள், சகோதரி, தாய் வழிச் சகோதர சகோதரிகள் இதில் வருவார்கள். இவர்களுக்கு அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று அளவு உண்டு. அஸபா அடுத்த வகை. அவருக்கு அளவு எதுவும் சொல்லப்படவில்லை. குறிப்பிட்ட பங்குகளை உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை மிக நெருங்கிய ஆண் உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அஸபா சட்டத்தின் அடிப்படை இதுவே.

நெருக்கம் என்பது பாசத்தை வைத்தோ, யார் வீட்டுக்கு வந்து போனார் என்பதை வைத்தோ அளக்கப்படுவதில்லை. அதற்கு வரிசை உண்டு. முதலில் மகன், மகனின் மகன் என்று கீழே போகும் வரிசை. அது இல்லாவிட்டால் தந்தை, தந்தையின் தந்தை. அதுவும் இல்லாவிட்டால் உடன்பிறந்த சகோதரன், பிறகு தந்தை மட்டும் ஒன்றான சகோதரன், பிறகு அவர்களின் ஆண் மக்கள். அதற்கும் பின்னால்தான் பெரியத்தா, சின்னத்தா. முன்னால் ஒருவர் இருந்தால் பின்னால் உள்ளவர் மீதியில் வரவே மாட்டார். மகன் இருந்தால் சகோதரனுக்கு ஒன்றுமில்லை. தந்தை இருந்தாலும் சகோதரனுக்கு ஒன்றுமில்லை. ஒரு சகோதரன் உயிரோடு இருக்கும்போது, முன்பே இறந்துபோன இன்னொரு சகோதரனின் மகன்கள், தங்கள் அத்தாவின் இடத்தில் நின்று கேட்கவும் முடியாது. நம் பகுதியில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. ஹிந்து வாரிசுச் சட்டத்தில் இறந்த மகனின் இடத்தில் பேரன் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் அதையே இங்கும் எதிர்பார்க்கிறார்கள்.

தாய்மாமன் இந்த வரிசையில் இல்லை. நம் ஊரில் தாய்மாமன் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்பதால் இது சிலருக்கு விசித்திரமாகத் தெரியும். அதே போல் தாய் மட்டும் ஒன்றான சகோதரன் ஆண்தான் என்றாலும் அஸபா அல்ல. அவருக்குக் குறிப்பிட்ட பங்குதான், அதுவும் இறந்தவருக்குப் பிள்ளையோ தந்தையோ இல்லாதபோதுதான். ஆணாக இருந்தாலே மீதி கிடைத்துவிடும் என்பது சரியல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரு கணக்கு

மதுரையில் நாம் வழக்கமாகப் பார்க்கும் குடும்பம் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். முனிச்சாலை பக்கம் ஒரு வீடு, ஒரு பாத்திரக் கடையின் சரக்கு, வாடிப்பட்டி அருகே கொஞ்சம் நஞ்சை நிலம். மொத்த மதிப்பு 51 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். இறந்தவருக்கு மனைவி, ஒரு மகள், தாய், இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. தந்தை முன்பே காலமாகிவிட்டார்.

பங்கைத் தொடுவதற்கு முன்னால் கஃபன் தஃபன் செலவு, கடைக்காக வாங்கிய கடன், பிறகு மனைவிக்குக் கொடுக்காமல் நிலுவையில் உள்ள மஹர் எல்லாம் கழிய வேண்டும். மஹர் கடன்தான். மனைவி வாரிசாகப் பெறும் எட்டில் ஒன்று வேறு, மஹர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி "மஹருக்குப் பதிலாகத்தான் பங்கு கொடுத்துவிட்டோமே" என்று சொல்லும் வீடுகள் உண்டு. அது தவறு. வஸிய்யத் ஏதாவது இருந்தால், எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அதையும் நிறைவேற்ற வேண்டும். நம் கணக்கில் வஸிய்யத் இல்லை. இவையெல்லாம் 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், பங்கிட இருப்பது 48 லட்சம்.

பிள்ளை இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். ஒரே மகள் என்பதால் அவருக்குப் பாதி, 24 லட்சம். பிள்ளை இருப்பதால் தாய்க்கு ஆறில் ஒன்று, 8 லட்சம். இதுவரை 38 லட்சம் போயிற்று. எஞ்சிய 10 லட்சம் அஸபாவுக்கு. இங்கே அஸபா இரண்டு தம்பிகள் மட்டும் அல்ல. உடன்பிறந்த தங்கையும் அவர்களோடு சேர்ந்து அஸபாவாகிறார். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஐந்து கூறாக்கினால், தம்பிகளுக்குத் தலா 4 லட்சம், தங்கைக்கு 2 லட்சம்.

"மீதியெல்லாம் எனக்கு" என்று சொன்ன தம்பிக்கு 48 லட்சத்தில் வருவது 4 லட்சம். மகளுக்கு வருவது அதைப்போல ஆறு மடங்கு. இந்த எண்களைத் தாளில் எழுதிக் காட்டினாலே பாதிச் சண்டை அடங்கிவிடும் என்பது எங்கள் எண்ணம். தங்கையின் 2 லட்சத்தைத் தம்பிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்வதுதான் இதில் வழக்கமாக நடக்கும் அநியாயம். "அவளுக்குக் கல்யாணத்தில் செய்தாயிற்று" என்பார்கள். கல்யாணத்தில் செய்தது அண்ணன் இறப்பதற்கு முன்னால். இந்தப் பங்கு அண்ணன் இறந்த அந்த நொடியில் தங்கைக்குச் சொந்தமானது.

இப்போது அதே குடும்பத்தில் இறந்தவரின் தந்தை உயிரோடு இருக்கிறார் என்று வைப்போம். மனைவிக்கு 6, மகளுக்கு 24, தாய்க்கு 8 என்பதில் மாற்றமில்லை. தந்தைக்கு, இறந்தவருக்குப் பிள்ளை இருப்பதால், குர்ஆன் குறிப்பிட்ட ஆறில் ஒன்றாக 8 லட்சம் உண்டு. இதோடு 46 லட்சம் ஆயிற்று. எஞ்சிய 2 லட்சத்தை எடுக்க மகன் இல்லை. வரிசையில் அடுத்தவர் தந்தையே. எனவே அந்த 2 லட்சமும் அவருக்கு, ஆக 10 லட்சம். தம்பிகளும் தங்கையும் முழுவதுமாக விலகிவிடுகிறார்கள். ஒரே மனிதர் குறிப்பிட்ட பங்கையும் மீதியையும் சேர்த்து வாங்குவது இப்படித்தான். தந்தை இரண்டு முறை வாங்குகிறாரே என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஆறில் ஒன்று அவருக்குப் பாதுகாப்பான பங்கு, மீதி அவர் நிற்கும் இடத்தால் வருவது.

அவருக்கு ஒரு மகனும் இருந்திருந்தால் நிலைமை வேறு. மனைவிக்கு 6, தாய்க்கு 8, தந்தைக்கு 8 என்று கொடுத்த பின் உள்ள 26 லட்சம் மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று என்று போகும். தந்தை தன் ஆறில் ஒன்றோடு நின்றுகொள்வார், மீதியில் அவருக்கு இடமில்லை. மகளின் பங்கும் 24 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 8 லட்சத்து 67 ஆயிரமாகக் குறைந்துவிடும். மகள் தனியாக இருக்கும்போது குறிப்பிட்ட பங்குடையவர். சகோதரனோடு சேர்ந்தால் அவரும் அஸபா.

மீதி எப்போதும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மேலே சொன்ன குடும்பத்தில் மனைவி, தாய், தந்தையோடு ஒரு மகளுக்குப் பதில் இரண்டு மகள்கள் இருந்தால், மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, பெற்றோருக்குத் தலா 4 என்று 24 பங்கில் 27 பங்கு வந்து நிற்கும். அப்போது எல்லோர் பங்கும் சமவிகிதத்தில் குறையும். இதற்கு அவ்ல் என்று பெயர். மிம்பரில் நின்றபடியே இந்தக் கேள்விக்கு அலி (ரலி) அவர்கள் விடை சொன்னதாகவும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று கூறியதாகவும் ஃபிக்ஹு நூல்களில் வரும். அங்கே தந்தைக்கு மீதி என்று ஒரு காசும் இல்லை.

சகோதரனின் நிலை இன்னும் மெலிந்தது. தந்தைக்காவது ஆறில் ஒன்று என்ற பிடி உண்டு, சகோதரனுக்கு அதுவும் இல்லை. ஒரு பெண் இறந்துவிட்டார். அவருக்குக் கணவன், தாய், தாய் வழிச் சகோதரர் இருவர், உடன்பிறந்த சகோதரர் இருவர். கணவனுக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய் வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், முழுச் சொத்தும் தீர்ந்துவிட்டது. தாயும் தந்தையும் ஒன்றான சகோதரர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். உமர் (ரலி) காலத்தில் இது வழக்காகவே வந்தது. எங்கள் தந்தையைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், தாய் ஒருவர்தானே என்று அவர்கள் வாதிட்டார்கள். அவர்களையும் அந்த மூன்றில் ஒன்றில் சேர்த்துக்கொள்ளலாம் என்று உமர் (ரலி) தீர்ப்பளித்ததை ஷாஃபிஈ மத்ஹப் எடுத்துக்கொண்டது. ஹனஃபி மத்ஹபில், அஸபாவுக்கு மீதி இல்லையென்றால் இல்லைதான். மதுரை ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ஷாஃபிஈகள். இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை உள்ள வீடுகளில் எந்த மத்ஹப் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏன் இவர்களுக்கு?

அஸபா என்ற சொல்லுக்குச் சுற்றிக் கட்டுவது, சூழ்ந்து நிற்பது என்ற பொருள் அரபியில் இருக்கிறது. ஒருவனைச் சூழ்ந்து நிற்கும் தந்தை வழி உறவினர்கள். இந்தக் கூட்டத்துக்குக் கொடுக்கப்பட்டிருப்பது உரிமை மட்டும் அல்ல. ஒரு பெண்ணின் நிக்காஹில் வலீயாக நிற்கும் வரிசையை எடுத்துப் பாருங்கள். தந்தை, தந்தையின் தந்தை, சகோதரன், சகோதரனின் மகன், பிறகு சின்னத்தா, பெரியத்தா. ஏறக்குறைய அதே வரிசை. தவறுதலாக ஒரு உயிரைக் கொன்றவனின் நஷ்டஈட்டைச் சேர்ந்து சுமக்க வேண்டியவர்களும் இவர்களே. ஏழையாகிவிட்ட நெருங்கிய உறவினருக்கு வாழ்க்கைச் செலவு கொடுக்கும் கடமை, வாரிசாக வரும் அளவைப் பொறுத்து விழும் என்பது ஹனஃபி சட்டம். பால்குடிக் குழந்தையின் செலவைப் பற்றிப் பேசும் திருக்குர்ஆன் 2:233 வசனம், தந்தையின் பொறுப்பு வாரிசின் மேலும் இருப்பதைக் குறிப்பிடுவதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அப்படியென்றால் நம் கணக்கில் 4 லட்சம் வாங்கிய தம்பிக்கு அந்த அண்ணன் மகள் மீது பொறுப்பு இருக்கிறது. அவள் கையில் உள்ள 24 லட்சம் தீர்ந்து, கணவனும் இல்லாமல், ஒருநாள் அவள் கஷ்டத்துக்கு வந்தால், அவள் போய் நிற்க உரிமையுள்ள கதவுகளில் சின்னத்தாவின் கதவும் ஒன்று. அண்ணன் ஏழையாக, கடனோடு இறந்திருந்தால் தம்பிக்கு மீதி எதுவும் வந்திருக்காது. பொறுப்பு மட்டும் வந்திருக்கும்.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் பங்கு வாங்கிய பிறகு சின்னத்தா அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. பங்கு நீதிமன்றம் மூலம் கிடைக்கும், பொறுப்பை யாரும் வழக்குப் போட்டு வாங்கித் தருவதில்லை. சின்னத்தா பொறுப்பைச் செய்யவில்லை என்பதற்காக அவர் பங்கு ரத்தாகாது. ஆனால் பங்கைப் பேசும் கூட்டத்திலேயே பொறுப்பையும் பேசி, ஜமாஅத் புத்தகத்தில் எழுதி வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நம் மஹல்லாக்களில் முதல் பாதியைப் பேசிவிட்டு எழுந்துவிடும் வழக்கம் மாற வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மீதி என்றாலே ஆணுக்குப் போவது என்ற எண்ணத்தையும் சற்றுத் திருத்த வேண்டும். நம் கணக்கில் தம்பிகளே இல்லை, ஒரு தங்கையும், இறந்துபோன தம்பியின் மகன்களும் இருக்கிறார்கள் என்று வைப்போம். எஞ்சிய 10 லட்சம் யாருக்கு? பலர் "ஆண் வாரிசு" என்று தம்பி மகன்களைக் காட்டுவார்கள். விடை, தங்கைக்கு. மகள் இருக்கும்போது உடன்பிறந்த சகோதரி அஸபாவாகிவிடுவார். மகள், மகனின் மகள், சகோதரி ஆகியோர் இருந்த ஒரு வழக்கில், முதல் இருவரின் பங்கு போக மீதியைச் சகோதரிக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த தீர்ப்பை இப்னு மஸ்ஊத் (ரலி) எடுத்துக் காட்டியது புகாரியில் இருக்கிறது. தங்கை அஸபாவாகும்போது தம்பி மகன்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள்.

பேத்தியை மறந்துவிடும் இடம்

தந்தை உயிரோடு இருந்த கணக்குக்கு மீண்டும் வருவோம். மகன் இறந்ததில் அவருக்கு 10 லட்சம் வந்தது. சில ஆண்டுகள் கழித்து அவரும் காலமாகிறார். அவருக்கு இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள். இறந்துபோன மூத்த மகனின் மகளான பேத்திக்கு, மகன்கள் இருப்பதால், தாத்தாவின் சொத்தில் பங்கில்லை. அவளுடைய அத்தாவின் உழைப்பிலிருந்து தாத்தாவிடம் போன 10 லட்சம், சின்னத்தாக்களுக்கும் மாமிக்கும் போய்விட்டது. குடும்பங்களில் உண்மையான வருத்தம் பிறக்கும் இடம் இதுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வாரிசாக வருபவருக்கு வஸிய்யத் செல்லாது. மற்ற வாரிசுகள், வஸிய்யத் செய்தவர் இறந்த பிறகு சம்மதித்தால்தான் ஆகும். ஆனால் பேத்தி இங்கே வாரிசு இல்லை. எனவே தாத்தா தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அவளுக்கு வஸிய்யத் எழுதலாம். அவர் மகன்கள் சம்மதிக்க வேண்டிய அவசியமே இல்லை. மகனை இழந்து பேத்தியை வைத்திருக்கும் ஒவ்வொரு தாத்தாவும் செய்யக்கூடிய காரியம் இது. வெள்ளைத் தாளில் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திட்டாலும் செல்லும். பதிவு செய்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

பெண் மக்கள் மட்டும் உள்ள தந்தைகள் வேறு வழிகளையும் தேடுகிறார்கள். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் வழக்கறிஞரும் நடிகருமான சி. சுக்கூர், 2023 மார்ச் 8 அன்று தம் மனைவியையே 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடியும் மணந்தார். அவர்களுக்கு மூன்று மகள்கள். தங்கள் சொத்தில் ஒரு பகுதி சகோதரர்களுக்குப் போகாமல் மகள்களுக்கே சேர வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். அந்தச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களின் சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், ஷரீஅத் பங்கு பொருந்தாது. அதாவது அது மீதியை மட்டும் மாற்றும் வழி அல்ல, தாயின் ஆறில் ஒன்று உள்பட முழுக் கணக்கையும் விட்டு வெளியே போகும் வழி. அதைச் செய்பவர் இதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

ஷரீஅத்துக்குள் நிற்க விரும்புபவருக்கு ஹிபா இருக்கிறது. உயிரோடும் நல்ல உடல்நிலையோடும் இருக்கும்போது மகளுக்குக் கொடுப்பது. கொடுத்தேன் என்ற அறிவிப்பு, ஏற்றுக்கொள்ளுதல், சொத்தை அவள் வசம் ஒப்படைத்தல், மூன்றும் வேண்டும். வழுக்கும் இடம் மூன்றாவதுதான். பத்திரத்தை எழுதிப் பீரோவில் பூட்டிவிட்டு, வாடகையையும் தாமே வாங்கி, வரி ரசீதையும் தம் பெயரிலேயே வைத்திருந்தால், அவர் இறந்தபின் தம்பி அதைக் கேள்வி கேட்பார், கேட்கவும் முடியும். மரணப் படுக்கையில் கொடுத்தது வஸிய்யத்தின் கணக்கில் போய்விடும். வாரிசுகளை வெட்டிவிடும் நோக்கத்துக்காகவே எல்லாவற்றையும் ஹிபா செய்வதை ஆலிம்கள் பலர் வெறுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். மகள் குடியிருக்க வீட்டைக் கொடுப்பது வேறு, தம்பிக்கு ஒரு பைசா போகக்கூடாது என்று கணக்குப் போடுவது வேறு.

தாசில்தார் அலுவலகமும் விடுதலைப் பத்திரமும்

1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. நம் மாகாணத்தில் 1949-இல் வந்த சென்னைத் திருத்தச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. எனவே வீட்டுக்கு ஒரு கணக்கு, வாடிப்பட்டி நஞ்சைக்கு ஒரு கணக்கு என்று இங்கே இல்லை. "வயல் ஆண்களுக்கு" என்று சொல்லிப் பெண்களை நிலத்திலிருந்து ஒதுக்குவதற்குச் சட்டத்திலும் இடமில்லை, ஷரீஅத்திலும் இல்லை.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று பெயர்களைச் சொல்லும் ஆவணம் மட்டுமே. யாருக்கு எவ்வளவு என்று அது தீர்மானிக்காது. மனைவி, மகள், தாய் பெயர் மட்டும் அதில் இருந்து, தம்பி தங்கை பெயர் விடுபட்டிருந்தால், அவர்கள் அஸபா இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் சான்றிதழை நம்பி வீட்டை வாங்கியவர், ஐந்தாறு ஆண்டு கழித்துப் பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியாக நிற்பது நடக்கக்கூடியதே. வாங்குபவரும் விற்பவரும் ஒரு ஆலிமிடமோ, ஷரீஅத் பங்கு தெரிந்த வழக்கறிஞரிடமோ அஸபா யார் என்று எழுதி வாங்கிய பிறகு கையெழுத்திடுவது மேல்.

பங்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க நினைக்கும் தம்பிகளும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே "எனக்கு வரப்போகும் பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பது தன்னளவில் செல்லாது, அப்போது அவருக்கு விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. அதற்காகப் பணம் வாங்கியிருந்தால் நீதிமன்றம் வேறு விதமாகப் பார்க்கலாம், அது தனி விஷயம். அண்ணன் இறந்த பிறகு அந்த 4 லட்சம் தம்பியுடையது. அதன் பிறகு அதை அண்ணன் மகளுக்கு விட்டுவிட முழு உரிமை உண்டு. வீட்டிலும் நிலத்திலும் உள்ள பங்குக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், வாய்ச் சொல் போதாது. தங்கையின் கையெழுத்தையும் அதே நாளில், அவரைத் தனியாகக் கேட்டு, மனம் ஒப்பித் தருகிறாரா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அவருடைய 2 லட்சத்தை விட்டுக்கொடுக்க அண்ணன்மாருக்கு அதிகாரம் கிடையாது.